நிழல் போட்டால் வாட்சு கையில் உட்கார்ந்துவிடாது

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் கல்யாண ஆல்பம் செய்கிற எங்களிடம் முகூர்த்தம் முடிந்த வாரத்தில் தவறாமல் வருகிற கோரிக்கை ஒன்று உண்டு: "அண்ணா, மாப்பிள்ளை கையில இருக்கிற வாட்சை மட்டும் மாத்திக் குடுங்க. அஞ்சு நிமிச வேலைதானுங்களே."

போன வாரம் வந்தது வேறு ஒரு ஸ்டுடியோவில் அச்சடித்து முடித்த ஆல்பம். பொள்ளாச்சி மாப்பிள்ளை, சித்தூர் பெண். முகூர்த்தத்தின்போது மாப்பிள்ளை கட்டியிருந்தது பழைய தோல் ஸ்ட்ராப் வாட்சு. பெண்ணின் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த ஸ்டீல் செயின் வாட்சு கல்யாணம் முடிந்த பிறகுதான் கைக்கு வந்திருக்கிறது. அதைப் படங்களில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மாமாவே பார்த்துவிட்டு, ஸ்டிக்கர் ஒட்டினது மாதிரி இருக்கிறது என்றாராம். அவர் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது.

இந்த வேலையில் இறங்கும் தம்பிகள் பலர் நம்புவது இதுதான்: போட்டோஷாப்பில் வாட்சை வெட்டி ஒட்டு, Drop Shadow போடு, உட்கார்ந்துவிடும். உட்காராது. Drop Shadow என்ன செய்கிறது? வாட்சின் வெளிக்கோட்டை அப்படியே நகல் எடுத்து, ஒரே திசையில், ஒரே தூரத்தில், ஒரே மங்கலோடு பின்னால் வைக்கிறது. வாட்சு ஒரு சமதளச் சுவருக்கு முன்னால் மிதக்கிறது என்று சொல்கிற நிழல் அது. மணிக்கட்டு சுவர் அல்ல. ஸ்ட்ராப் ஓரிடத்தில் தோலைத் தொடுகிறது, அடுத்த இடத்தில் தொடவில்லை. தொடுகிற இடத்தில் நிழல் மெல்லிய, அழுத்தமான கோடாக இருக்கும். ஸ்ட்ராப் தோலைவிட்டு விலக விலக அதே நிழல் அகலமாகி, வெளிறி, ஓரம் கரைந்துபோகும். இந்த மாற்றத்தைப் பார்த்துத்தான் நம் கண் "இது தொடுகிறது, இது தொங்குகிறது" என்று முடிவு செய்கிறது. மாற்றமே இல்லாத நிழலைப் போட்டால் நிழல் இருந்தும் வாட்சு மிதக்கும். இன்னொன்று: Drop Shadow பெட்டியில் Use Global Light டிக் ஆகியிருந்தால், அதே ஃபைலில் தலைப்பு எழுத்துக்கு நீங்கள் வெளிச்சக் கோணத்தை மாற்றும்போது வாட்சின் நிழலும் சேர்ந்து திரும்பிவிடும். அந்த ஆல்பத்தில் மாப்பிள்ளை மூக்கின் நிழல் வலப்பக்கம், வாட்சின் நிழல் இடப்பக்கம்.

சரி, அந்த ஆல்பத்திலேயே ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். மாப்பிள்ளை பெண்ணின் கையைப் பிடித்திருக்கிறார், முன்கை கிட்டத்தட்டப் படுக்கையாக இருக்கிறது. பழைய தோல் ஸ்ட்ராப் இறுக்கமாகக் கட்டியது. அதனால் இரண்டு ஓரத்திலும் சதை லேசாகப் பிதுங்கியிருக்கிறது. தோல் ஸ்ட்ராப், அது மாட்டியிருக்கிற வாட்சின் காதிலிருந்து இறங்கி மணிக்கட்டின் பக்கவாட்டை இழுத்துப் பிடிக்கும். ஸ்டீல் செயினை யாரும் அப்படிக் கட்டுவதில்லை. சுண்டுவிரல் நுழைகிற அளவு தளர்வாக விடுவார்கள். கை படுக்கையாக இருக்கும்போது வாட்சின் அடிப்பாகம் மணிக்கட்டின் மேல் உட்காரும், செயின் பாரத்தில் கீழே தொங்கும், அடியில் இடைவெளி தெரியும். ஆக, வாட்சு மாறினால் கையும் மாறவேண்டும். சதைப் பிதுக்கத்தைச் சமன் செய்யாமல் தளர்ந்த செயினை மேலே வைத்தால், சதையைப் பிதுக்கியது எது என்ற கேள்விக்குப் படத்தில் பதில் இருக்காது.

அளவையும் கண்மதிப்பில் விடக்கூடாது. புது வாட்சின் வட்டம் 40 மில்லிமீட்டர், அந்தப் படத்தில் அது 300 பிக்சல் அகலம் வரவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஒரு மில்லிமீட்டருக்கு ஏழரை பிக்சல். அடியில் 6 மில்லிமீட்டர் தொங்கல் என்றால் 45 பிக்சல் இடைவெளி. அதன் வழியாகப் பின்னால் இருக்கிற வெள்ளை வேட்டி தெரியவேண்டும். செயினின் உள்பக்கம் இருட்டாக இருக்கவேண்டும்.

பழைய வாட்சு படத்தில் சாய்ந்து தெரிகிறது. அகலம் 300 பிக்சல், உயரம் 210. அதாவது சுமார் 45 டிகிரி சாய்வு. கம்பெனி விளம்பரப் படத்தில் வாட்சு நேருக்கு நேர் இருக்கும். அதை 210க்கு நசுக்கினால் டயல் பொருந்தும், ஆனால் பக்கச்சுவர் எங்கே? 11 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட வாட்சு அந்தச் சாய்வில் 58 பிக்சல் அளவுக்குப் பக்கச்சுவரைக் காட்டவேண்டும். நேர்ப்படத்தில் அது பதிவாகவே இல்லை, எந்த Warpஉம் அதைக் கொண்டுவராது. விளம்பரப் படத்து முள்ளும் பெரும்பாலும் 10:10 காட்டும். விடியற்காலை முகூர்த்தப் படத்தில் மணி பத்து பத்தா?

நிழலுக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் பழைய வாட்சை முழுக்க அழித்து வெறும் கையை உருவாக்குவேன். வாட்சு மறைத்த தோல் வெயில் படாமல் வெளுத்திருக்கும், புது வாட்சு அதைவிட ஒடுங்கியது என்றால் அந்தப் பட்டையையும் சரிசெய்யவேண்டும். அப்புறம் வாட்சுக்குக் கீழே, அடியில் இருக்கிற நிறத்தை இருட்டாக்குகிற Multiply முறையில் இரண்டு லேயர். ஒன்றில், தொடுகிற இடங்களில் மட்டும் மூன்று நான்கு பிக்சல் அகலக் கோடு. கறுப்பு வேண்டாம், பக்கத்துத் தோலின் நிழல் பகுதியிலிருந்து எடுத்த செம்பழுப்பு. கறுப்புக் கோடு தோலில் மை தீட்டினது போல் ஆகிவிடும். இன்னொன்றில் இருபது பிக்சல் போல அகலமான மென்மையான நிழல், ஃபிளாஷ் எந்தப் பக்கம் இருந்ததோ அதற்கு எதிர்ப்பக்கம். செயின் தொங்குகிற அடிப்பக்கத்தில் கோடே கிடையாது, விலகி விழுந்த மங்கல் நிழல் மட்டும். கடைசியாக, தோலை ஒட்டிய ஸ்டீல் கண்ணிகளின் விளிம்பில் தோலின் நிறம் கொஞ்சம் ஏறவேண்டும், கை முடி இரண்டு மூன்று இழை விளிம்பின் மேல் படியவேண்டும். இந்த இரண்டையும் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சரியாக வந்ததா என்று பார்க்க, படத்தை இடம்வலமாகத் திருப்பிப் போட்டு, கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். வாட்சு முதலில் கண்ணில் பட்டால் வேலை இன்னும் முடியவில்லை. அப்புறம் 12×36 அங்குலத் தாளில் அச்சாகும் அளவுக்குப் பெரிதாக்கி, ஓரங்களை மட்டும் பாருங்கள்.

ஆல்பம் கொடுக்கிற வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள். கடையின் விளம்பரப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். வாட்சு வந்தவுடன் மாப்பிள்ளையே அதைக் கட்டிக்கொள்ளட்டும். ஆல்பத்தில் மாற்றவேண்டிய படத்தைப் பக்கத்தில் வைத்து, கையை அதேபோல் பிடிக்கச் சொல்லுங்கள். படத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஜன்னல் இருக்கட்டும். போனைக் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோகாமல் ஆறேழு அடி தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள், கிட்டே போனால் வாட்சு புடைத்துத் தெரியும். சட்டை முழுக்கையாக இருந்திருந்தால் அதே சட்டையைப் போட்டே எடுங்கள். செயினில் கண்ணி கழற்றவேண்டும் என்றால் முதலில் அதை முடித்துவிடுங்கள். கழற்றாத செயின் முழங்கைப் பக்கம் சரிந்து நிற்கிற படம் எனக்கு எதற்கும் உதவாது.