சீட்டு எடுத்த பணம் வருமானம் அல்ல

ஏப்ரல் மாதம் பிறந்தால் என் மேசைக்குச் சீட்டு நோட்டுகளும் வந்து சேர்ந்துவிடும். ஓராண்டு வந்தவர்களில் ஒரு ஹார்டுவேர் கடைக்காரர். மார்ச்சில் வங்கிக் கணக்கில் விழுந்த 75,000 ரூபாயை ‘இதர வருமானம்’ என்றும், அதுவரை கட்டிய 16,850 ரூபாயைச் செலவு என்றும் எழுதி வைத்திருந்தார். கணக்கின்படி அவருக்கு 58,150 ரூபாய் லாபம்! உண்மையில் அன்று அவர் கடனாளி.

அது இருபது பேர், மாதம் 5,000 ரூபாய், இருபது மாதம் என்று ஓடும் ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு. டிசம்பரில் தொடங்கியது. முதல் சீட்டை நடத்துபவர் எடுத்துக்கொண்டதால் அந்த மாதம் எல்லோரும் முழு 5,000 கட்டினார்கள். அடுத்த இரண்டு மாதங்களில் கழிவு போக 3,900, 3,950 கட்டினார். நான்காம் மாதம் நம் கடைக்காரர் 25,000 தள்ளி, அதாவது லட்சத்தில் அவ்வளவை விட்டுக்கொடுத்து, ஏலத்தில் சீட்டை எடுத்தார். அந்தத் தள்ளில் நடத்துபவரின் கமிஷன் 5,000 போக மீதி 20,000 இருபது பேருக்கும் ஆளுக்கு ஆயிரமாகக் கழிந்தது. எடுத்தவருக்கும் அந்தக் கழிவு உண்டு. ஆகவே அவரும் அந்த மாதம் 4,000 கட்டினார்.

இதைப் பேரேட்டில் எழுத ‘சீட்டுக் கணக்கு’ என்று தனித் தலைப்பு ஒன்று போதும். கட்டியது 4,000 ஆனாலும் அதில் 5,000 என்றே எழுத வேண்டும்; வித்தியாசமான 1,000 ‘சீட்டுக் கழிவு’ என்ற வேறு தலைப்பில் வரவாகும். சீட்டு எடுக்கும்வரை இந்தக் கணக்கில் சேர்வது அவருடைய சேமிப்பு, அதாவது சொத்து. எடுத்த மாதத்தில் கைக்கு வந்த 75,000, தள்ளிய 25,000 இரண்டையும் கூட்டி ஒரு லட்சத்தை எதிர்ப்பக்கம் எழுதுகிறோம். தள்ளிய தொகைக்கு ‘சீட்டுத் தள்ளு’ என்று ஒரு தலைப்பு. நான்கு மாதத்துக்கு எழுதிய 20,000 போக நிற்பது 80,000 ரூபாய் கடன். இன்னும் பதினாறு தவணை, தவணைக்கு 5,000 என்று பெருக்கிப் பாருங்கள், அதே 80,000 வரும். வராவிட்டால் எங்கோ ஒரு கழிவு எழுதாமல் விடுபட்டிருக்கிறது. மார்ச் 31 அன்றைய ஐந்தொகையில் அது கடன் பக்கத்தில் நிற்க வேண்டிய தொகை.

தள்ளிய 25,000 முழுவதும் அந்த ஆண்டின் நஷ்டமா என்று அவர் கேட்டார். நான் அதை நிறுத்தி வைக்கச் சொன்னேன். மீதி மாதங்களில் எவ்வளவு கழிவு வரும் என்பது யாருக்கும் தெரியாது. கடைசி மாதங்களில் ஏலம் கேட்க ஆளில்லாமல் கழிவு ஒன்றுமில்லாமலும் போகும். அடுத்த பதினாறு மாதங்களில் அவருக்கு வந்த கழிவு மொத்தம் 7,600தான். முதல் நான்கு மாதத்தின் 3,150ஐச் சேர்த்தால் 10,750. தள்ளிய 25,000த்தில் இதைக் கழித்தால் சீட்டினால் அவருக்கு ஆன உண்மையான செலவு 14,250 ரூபாய். கையிலிருந்து கட்டிய 89,250க்கும் கைக்கு வந்த 75,000த்துக்கும் உள்ள வித்தியாசமும் அதுவே.

நடத்துபவரின் நோட்டுக்கும் இப்படி ஒரு உரைகல் உண்டு. அந்த மாதம் இருபது பேரிடம் 4,000 வீதம் வசூலானது 80,000. கொடுத்தது 75,000, கமிஷன் 5,000. ஒவ்வொரு மாதமும் வசூல், எடுத்தவருக்குக் கொடுத்ததும் கமிஷனும் சேர்ந்த தொகைக்குச் சமமாக வேண்டும். இதில் நடத்துபவரின் வருமானம் கமிஷன் மட்டுமே. 1982ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டத்தில் அதன் உச்சவரம்பு 5 சதவீதமாக இருந்தது. 2019இல் 7 சதவீதமாயிற்று.

தெருவில் பழகியவர்களை வைத்துச் சீட்டு நடத்திய ஓர் அம்மா தம் நோட்டைக் காட்டினார். பெயருக்கு நேரே மாதா மாதம் ‘டிக்’ குறி மட்டும். தொகையும் இல்லை, தேதியும் இல்லை. ஒரு மாதம் இரண்டு பேர் பணம் தரவில்லை. சீட்டு எடுத்தவர் வாசலில் நிற்கிறார். இவர் வளையலை அடகு வைத்து 8,000 ரூபாயை நிரப்பிக் கொடுத்துவிட்டார். ‘அந்த மாதக் கணக்குத்தான் முடிந்துவிட்டதே’ என்று அந்த இருவருக்கும் டிக் போட்டுவிட்டார். ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது அவர்கள் நோட்டையே காட்டச் சொன்னார்கள். ‘வசூல் 72,000, என் கைப்பணம் 8,000, பாக்கி இன்னார் இன்னார்’ என்று அன்றே ஒரு வரி எழுதியிருந்தால் அந்த நோட்டு அவர் பக்கம் பேசியிருக்கும். இருவரில் ஒருவர் பிறகு கொடுத்துவிட்டார். இன்னொருவருடைய 4,000த்துக்கு ஆதாரமாக அந்த அம்மாவிடம் மிஞ்சியிருந்தது அடகுக் கடை ரசீது மட்டுமே.