சொந்த வரிகளைத் திரும்ப எழுதியதற்காக ஆய்விதழ் விளக்கம் கேட்டால்

வாலாஜாபேட்டைப் பக்கத்து ஊரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவி ஒருவர், தம் கல்லூரி அனுப்பிய குறிப்பாணையுடன் என்னிடம் வந்தார். ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையில் கருத்துத் திருட்டு இருப்பதாகப் புகார் வந்திருக்கிறது, ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவேண்டும் என்று அதில் இருந்தது. எந்த வரி, எந்த மூலம் என்று ஒரு சொல்கூட இல்லை. இதழின் கடிதமும் இணைக்கப்படவில்லை. அந்தக் கடிதத்தின் நகலைப் பெற அவர் நான்கு முறை அலுவலகத்துக்கு அலைந்தார். கையில் கிடைத்தபோதுதான் செய்தி தெரிந்தது: அவர் யாருடைய எழுத்தையும் எடுக்கவில்லை, தம் முதல் கட்டுரையின் பத்திகளையே இரண்டாம் கட்டுரையில் மீண்டும் எழுதியிருந்தார்.

நூலகப் பணியில் இருந்தவன் என்பதால் இப்படிப்பட்ட கடிதங்களுடன் வரும் பிள்ளைகளைப் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் தவறான கேள்விக்குப் பதில் எழுதித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

விதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறை, ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை என்கிறது. தன் முந்தைய எழுத்தை உரிய மேற்கோளின்றித் திரும்பப் பயன்படுத்தி அதைப் புதியதென்று காட்டிப் பயன் பெறுவது ஏற்கத்தக்கதல்ல என்று அதே குழு 2020 ஏப்ரலில் தனியாக அறிவித்தது. இவை நம் கல்லூரிகளுக்கானவை. ஆய்விதழ்களின் எடிட்டர்களோ, 1997இல் பிரிட்டனில் தொடங்கிய பதிப்பு நெறிக் குழு, அதாவது ‘கோப்’, வகுத்த படிமுறையைப் பின்பற்றுகிறார்கள். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதே முதல் பொறி.

அந்த மாணவியிடம் கல்லூரி நூலகம் கொடுத்த சான்றிதழ் இருந்தது. ஒப்புமை 8 விழுக்காடு என்று முத்திரையோடு. இதழின் அறிக்கையோ 34 என்றது. இரண்டுமே பொய்யில்லை. கல்லூரியில் சோதித்தவர் நூற்பட்டியலையும் சிறு பொருத்தங்களையும் நீக்கியதோடு, ‘மாணவியின் சொந்தக் கட்டுரைதானே’ என்று அதையும் மூலங்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். இதழ்கள் ஐதென்டிகேட் மென்பொருளின் வழியாகச் சோதிக்கும்போது, பதிப்பாளர்கள் கொடுத்திருக்கும் முழுக் கட்டுரைகளோடும் ஒப்பிடப்படுகிறது. அங்கே சொந்தக் கட்டுரை என்ற விலக்கு கிடையாது. ஆகவே கல்லூரிச் சான்றிதழைப் பதிலோடு இணைத்து அனுப்புவதால் எந்தப் பயனும் இல்லை; கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நழுவுவதாகவே அது படும்.

எடிட்டரும் 34 என்ற எண்ணை வைத்து முடிவு செய்வதில்லை. அவர் அறிக்கையைப் பிரித்துப் பார்ப்பார். இந்த மாணவியின் அறிக்கையில் 19 விழுக்காடு ஒரே மூலத்திலிருந்து, அதாவது அவருடைய முதல் கட்டுரையிலிருந்து வந்தது. 6 விழுக்காடு ஒரு கருத்தரங்கச் சுருக்கத்திலிருந்து. மீதி 9 பல கட்டுரைகளில் சிதறிக் கிடக்கும் வழக்கமான சொற்றொடர்கள். அந்த ஒன்பதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ஒரே மூலத்திலிருந்து வந்த பத்தொன்பது கட்டுரையின் எந்தப் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் விசாரணையே.

அவருடைய ஆய்வு பாலாற்றங்கரைக் கிணறுகளில் குரோமியம் பற்றியது. இராணிப்பேட்டைப் பகுதித் தோல் தொழிற்சாலைகளை ஒட்டிய 24 கிணறுகளில் கோடையில் எடுத்த மாதிரிகள் முதல் கட்டுரையில் வந்தன. அதே கிணறுகளில் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் எடுத்தவை இரண்டாவதில் வந்தன. பாலித்தீன் புட்டிகளை அமிலத்தில் கழுவியது, நைட்ரிக் அமிலம் சேர்த்துக் கார அமிலக் குறியீட்டை 2க்குக் கீழே கொண்டுவந்து மாதிரியைக் காத்தது, கருவியைச் சீரமைத்தது ஆகிய மூன்று செய்முறைப் பத்திகளும் இரண்டு கட்டுரைகளிலும் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தன. இது பெரிய குற்றமில்லை. ஒரே முறையைச் செய்தவர் அதே சொற்களில் எழுதுவது பலவேளை தவிர்க்க முடியாதது என்று கோப் வழிகாட்டுதலே ஒப்புக்கொள்கிறது. முதல் கட்டுரையைச் சுட்டியிருந்தால் போதும். முன்னுரையில் பாலாறும் தோல் தொழிலும் பற்றிய இரண்டு பத்திகள் ஒன்றாயிருந்ததும் அதே வகைதான், கொஞ்சம் மாற்றி எழுதச் சொல்வார்கள்.

சிக்கல் முதல் அட்டவணையில் இருந்தது. மழைக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுவதற்காக, கோடை அளவுகளை அப்படியே எடுத்து இரண்டாம் கட்டுரையின் அட்டவணையில் போட்டிருந்தார். இவை ஏற்கெனவே வெளியானவை என்று ஓர் இடத்திலும் சொல்லவில்லை. வாசிப்பவர் 48 அளவீடுகளும் புதியவை என்றே நம்புவார், உண்மையில் புதியவை 24 மட்டுமே. பழைய முடிவைப் புதியது போல் காட்டுவதைத்தான் எடிட்டர்கள் மன்னிப்பதில்லை. தரவும் முடிவும் பெரும்பாலும் ஒன்றாயிருந்து, தலைப்பையோ பெயர்களின் வரிசையையோ மாற்றி, பழைய கட்டுரையைச் சுட்டாமல் மறைத்ததாகத் தெரிந்தால் அது பெரும் ஒப்புமை எனப்படும். கட்டுரை திருப்பி அனுப்பப்படும். செய்முறை அளவிலான ஒப்புமை, அல்லது உண்மையிலேயே தொடர் ஆய்வு என்றால், விடுபட்ட மேற்கோளைச் சேர்த்து ஒன்றாயிருக்கும் பகுதிகளை நீக்கச் சொல்லி மதிப்பாய்வைத் தொடர்வார்கள். இந்தக் கட்டுரை இரண்டுக்கும் நடுவில் தொங்கியது. எந்தப் பக்கம் சாயும் என்பது அவர் தரும் விளக்கத்தைப் பொறுத்தது.

ஆனால் குறிப்பாணை வரும்வரை, இதழ் விளக்கம் கேட்டதே அவருக்குத் தெரியாது. இதை எவ்வளவு சொன்னாலும் தகும். எடிட்டர் முதலில் தொடர்புக் கட்டுரையாளருக்கு எழுதுவார். பதில் வராவிட்டால் மற்றக் கட்டுரையாளர்களுக்கு எழுதுவார். அங்கிருந்தும் பதில் இல்லையென்றால் அவர்கள் பணிபுரியும் நிறுவனத்துக்கு எழுதுவார். கட்டுரையைப் பதிவேற்றிய நாளில் துறையில் யாரோ நேரத்தை மிச்சப்படுத்த, வழிகாட்டியின் கல்லூரி மின்னஞ்சலையே தொடர்பு முகவரியாகக் கொடுத்து, மாணவிக்கு எழுத்துப் பிழையுள்ள முகவரியைப் போட்டிருக்கிறார்கள். வழிகாட்டி அந்த அஞ்சல்பெட்டியைத் திறப்பதே இல்லை. இரண்டு கடிதங்களும் ஆளில்லா வீட்டுக்குப் போயின; மூன்றாவது முதல்வருக்குப் போயிற்று. பெறுநர் எவருமே பதில் தராத கட்டுரை என்ற பெயர் அதற்குள் ஒட்டிக்கொண்டது. பதிவேற்றும்போது பக்கத்தில் உட்காருங்கள்; ஒவ்வொருவருக்கும் அவரவர் படிக்கும் முகவரியைத் தட்டச்சு செய்யுங்கள்; இதழ் அனுப்பும் முதல் ஒப்புகை உங்கள் பெட்டிக்கு வந்ததா என்று அன்று மாலையே பாருங்கள்.

கடிதம் கைக்கு வந்துவிட்டால், அதில் கேட்கப்படுபவை பெரும்பாலும் இவைதான். இந்த ஆய்விலிருந்து வெளியான, கருத்தரங்கில் வாசித்த, வேறு இதழில் பரிசீலனையில் இருக்கும் எல்லாவற்றையும் பட்டியலிட்டு நகல்களை அனுப்பச் சொல்வார்கள். எந்த மாதிரிகள் முன்பே வெளியானவை, எவை புதியவை என்று கேட்பார்கள். முந்தைய கட்டுரையை ஏன் சுட்டவில்லை என்று கேட்பார்கள். பழைய அட்டவணையோ படமோ இருந்தால் அதை வெளியிட்ட பதிப்பாளரின் இசைவைக் கேட்பார்கள். முதல் கட்டுரை வெளிவரும்போது பதிப்புரிமையை அவருக்கு எழுதிக் கொடுத்திருக்கலாம், அந்தப் படிவத்தைத் தேடி எடுத்துப் படியுங்கள். இரண்டு கட்டுரைகளின் பெயர்ப் பட்டியல் வேறுபட்டால் அதற்கும் காரணம் கேட்பார்கள். முதல் கட்டுரையில் உடன் எழுதிய ஒருவரை இரண்டாவதில் விட்டுவிட்டு அவர் எழுதிய பத்தியை வைத்துக்கொண்டால், அது சொந்த எழுத்து என்ற நிலையே போய்விடும். இன்னொருவர் எழுத்தை எடுத்ததாகிவிடும்.

பதிலில் வருத்தத்தையும் மரியாதையையும் நிரப்பி இரண்டு பக்கம் எழுதுவது நம் அலுவலகப் பழக்கம். எடிட்டருக்கு வேண்டியது அதுவல்ல. இந்த மாணவி அனுப்பிய பதிலின் சாரம் இது: “அட்டவணையில் உள்ள கோடை அளவுகள் 24ம் எங்கள் முதல் கட்டுரையில் வெளியானவை, மழைக்குப் பிந்தைய அளவுகள் 24ம் புதியவை. முதல் கட்டுரையைச் சுட்டாதது எங்கள் பிழை. கோடை அளவுகளை அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டு, முதல் கட்டுரையைச் சுட்டி உரையில் ஒப்பிட்டிருக்கிறோம். செய்முறைப் பகுதியைச் சுருக்கி, முழு விவரம் முதல் கட்டுரையில் உள்ளது என்று எழுதியிருக்கிறோம்.” இதனுடன் முதல் கட்டுரையின் நகலும், மாற்றங்களை வண்ணமிட்டுக் காட்டிய படியும் போயின. எடிட்டர் மதிப்பாய்வைத் தொடர்ந்தார்.

கடிதம் வந்த பீதியில் செய்யக்கூடாத இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் விசாரணை ஒழிந்தது என்று நினைப்பது. ஐயம் எழுந்தபின் வெறுமனே கைவிடாமல் விசாரிப்பது எடிட்டரின் கடமை என்பது கோப் நிலைப்பாடு, அதனால் கட்டுரை போனாலும் கேள்வி நிற்கும். மற்றொன்று, விழுக்காட்டைக் குறைத்துத் தருவதாகச் சொல்லும் டிடிபி கடைகளிடம் கட்டுரையைக் கொடுப்பது. அவர்கள் சொற்களை மாற்றிப் போடுவார்கள். அட்டவணை எண்கள் அப்படியே இருக்கும். கலைச்சொற்கள் சிதைந்து, அதே எண்கள் மீண்டும் வந்தால், மறந்துவிட்டது என்று சொல்லும் வாய்ப்பும் போய், மறைக்க முயன்றதற்கான சான்றாகவே அது எடுத்துக்கொள்ளப்படும்.

இனி அனுப்பப்போகும் கட்டுரைக்கு முகப்புக் கடிதத்திலேயே மூன்று வரி எழுதிவிடுங்கள்: இதே திட்டத்தின் எந்தக் கட்டுரை முன்பு வெளியானது, எந்தப் பகுதியில் சொற்கள் ஒத்திருக்கின்றன, இதில் புதியது எது. முதலிலேயே சொல்லப்பட்டதை மறைத்ததாக யாரும் கூற முடியாது.

இதழ் மதிப்பாய்வைத் தொடர்ந்த பிறகும் கல்லூரிக் கோப்பு தானாக மூடாது. அந்த மாணவியின் குறிப்பாணை மேலும் இரண்டு மாதம் உயிரோடு கிடந்து, உதவித்தொகை விண்ணப்பத்தை நிறுத்தி வைத்தது. எடிட்டரின் மின்னஞ்சலை அச்செடுத்து, நடவடிக்கை கைவிடப்பட்டதாக எழுத்துமூலம் தெரிவிக்கக் கோரும் மனுவோடு தபால் பிரிவில் கொடுங்கள். நகலில் தேதியும் முத்திரையும் வாங்காமல் அந்தச் சன்னலை விட்டு நகராதீர்கள்.