சுருக்கத்தைச் சரிபார்ப்பது: 5 வாக்கியம், 12 கூற்று, 700 பக்கம்

சட்ட இதழ் ஒன்றுக்குத் தீர்ப்புச் சுருக்கங்களைத் திருத்திக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. ஜூனியர்கள் எழுதி வருவார்கள், இப்போது மென்பொருள் எழுதியதும் வருகிறது. யார் எழுதினாலும் நான் சரிபார்க்கும் முறை ஒன்றுதான். முதல் சில வருடங்கள் சுருக்கத்தைப் படித்துவிட்டு "சரியாகத்தான் இருக்கிறது" என்று அனுப்பிக்கொண்டிருந்தேன். நல்ல நடையில் எழுதிய தப்பு கண்ணில் படவே படாது என்பது ஒருமுறை மாட்டிக்கொண்ட பிறகுதான் புரிந்தது. ஒரு வாசகர் தீர்ப்பின் பத்தி எண்ணோடு கடிதம் போட்டிருந்தார். எங்கள் சுருக்கம் சொன்னதற்கு நேர் எதிராக இருந்தது அந்தப் பத்தி.

அதற்குப் பிறகு சுருக்கத்தை வாக்கியமாகப் படிப்பதை விட்டுவிட்டேன். கூற்று கூற்றாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் மூலத்தில் இடம் தேடுகிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் பழக்க நான் கொடுக்கும் பயிற்சி, எல்லோரும் தெரியும் என்று நினைக்கிற ஒரு தீர்ப்பு: கேசவானந்த பாரதி வழக்கு. சுமார் 700 பக்கம். 13 நீதிபதிகள், ஆனால் தீர்ப்புரைகள் 11, ஏனென்றால் இரண்டு ஜோடிகள் சேர்ந்து எழுதினார்கள். பயிற்சிக்கு நானே தயாரித்து வைத்திருக்கும் சுருக்கம் இது, இதில் வரும் கோலக்நாத் என்பது அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் திருத்த முடியாது என்று சொன்ன 1967 தீர்ப்பு:

"கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்து கேசவானந்த பாரதி தொடுத்த வழக்கில் 13 நீதிபதிகள் அமர்வு 1973 ஏப்ரல் 24 அன்று 7-6 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. கோலக்நாத் தீர்ப்பு செல்லாது என்றும், ஆனால் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்றும் கூறியது. அடிப்படைக் கட்டமைப்பின் 5 அம்சங்களை நீதிமன்றம் பட்டியலிட்டது. 24, 25, 29ஆம் திருத்தங்களைச் செல்லாது என அறிவித்தது. இத்தீர்ப்பின் விளைவாக, மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார்."

படிக்க எந்த உறுத்தலும் இல்லை, இல்லையா? இதை உடைத்தால் 12 கூற்று வருகிறது. முதல் வாக்கியத்தில் 4: எந்தச் சட்டத்தை எதிர்த்த வழக்கு, எத்தனை நீதிபதிகள், தேதி, 7-6. இரண்டாவதில் 2, மூன்றாவதில் 1. நான்காவதில் ஒவ்வொரு திருத்தமும் தனி என்பதால் 3. ஐந்தாவதில் 2: மூவரைத் தாண்டி நியமித்தது ஒன்று, அது "இத்தீர்ப்பின் விளைவு" என்பது இன்னொன்று. காரணம் சொல்லும் சொல் எப்போதும் தனிக் கூற்று. "ஆல்", "எனவே", "விளைவாக" எங்கு வந்தாலும் வட்டம் போடச் சொல்வேன். பிரித்த பிறகு ஒவ்வொரு கூற்றும் தனியாக நின்றாலும் பொருள் தர வேண்டும். "அது", "அவர்" எல்லாம் பெயராக மாற வேண்டும், இல்லாவிட்டால் எதைத் தேடுகிறோம் என்பதே இரண்டாவது நாள் மறந்துவிடும்.

பக்கத்தில் ஒரு பத்தி எண், ஒரு முடிவு. முடிவுகள் மூன்றே: ஆதாரம் உண்டு, முரண், மூலத்தில் இல்லை. கடைசி இரண்டையும் "தப்பு" என்று ஒன்றாகப் போட்டுவிடக் கூடாது. ஏ.என். ரே நியமனத்தைப் பாருங்கள். ஷெலத், ஹெக்டே, குரோவர் மூவரையும் தாண்டி அவர் தலைமை நீதிபதி ஆனது வரலாறு. ஆனால் அந்த அறிவிப்பு வந்தது தீர்ப்புக்கு அடுத்த நாள். தீர்ப்பில் அது எப்படி இருக்கும்? எழுதியவர் தன் பொது அறிவை மூலத்தின் பெயரில் நுழைத்திருக்கிறார். உலகத்தில் உண்மை, மூலத்தில் இல்லை. நாம் அளப்பது சுருக்கம் மூலத்துக்கு எவ்வளவு நேர்மையாக இருக்கிறது என்பதை மட்டும்தான். இந்த இடத்தில் ஜூனியர்கள் சண்டைக்கு வருவார்கள், "உண்மைதானே சார்" என்பார்கள். இன்று உண்மையைச் சேர்த்த அதே கை நாளைக்குப் பொய்யையும் அதே நம்பிக்கையோடு சேர்க்கும். தனியாகக் குறித்து வைத்தால்தான் அந்தக் கையைப் பிடிக்க முடியும்.

திருத்தங்கள் பற்றிய நான்காவது வாக்கியம் நேரடி முரண். 24ஆம் திருத்தம் செல்லும் என்றது நீதிமன்றம். 29ஆம் திருத்தமும் செல்லும். 25ஆம் திருத்தத்தில் பெரும்பகுதி செல்லும், ஒரே ஒரு துண்டுதான் விழுந்தது: குறிப்பிட்ட கொள்கைக்காகவே இந்தச் சட்டம் என்று அந்தச் சட்டமே அறிவித்துவிட்டால், அது உண்மையில் அந்தக் கொள்கைக்கு உதவவில்லை என்று சொல்லி யாரும் நீதிமன்றத்தில் கேள்வி எழுப்பக் கூடாது என்ற பகுதி. "அடிப்படைக் கட்டமைப்பைக் காப்பாற்றிய தீர்ப்பு" என்று மனதில் பதிந்திருப்பதால், எதிர்த்து வழக்காடிய திருத்தங்கள் எல்லாம் விழுந்திருக்கும் என்று கை தானாக எழுதிவிடுகிறது. இதைக் கண்டுபிடிப்பது சுலபம், மூலத்தைத் திறந்தால் போதும்.

மூன்றாவது வாக்கியம் அப்படி இல்லை. 5 அம்சங்களின் பட்டியல் மூலத்தில் அப்படியே இருக்கிறது: அரசமைப்பின் மேலாண்மை, குடியரசு மற்றும் ஜனநாயக ஆட்சி முறை, மதச்சார்பின்மை, அதிகாரப் பிரிவினை, கூட்டாட்சித் தன்மை. தேடினால் கிடைக்கும், பத்தி எண்ணும் எழுதிவிடலாம். அவசரத்தில் பார்ப்பவர் "ஆதாரம் உண்டு" என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். ஆனால் அது தலைமை நீதிபதி சிக்ரியின் பட்டியல். ஷெலத்தும் குரோவரும் சேர்ந்து எழுதிய தீர்ப்புரையில் பட்டியல் வேறு, ஹெக்டேயும் முகர்ஜியாவும் எழுதியதில் வேறு. "நீதிமன்றம் பட்டியலிட்டது" என்ற கூற்றுக்கு மூலத்தில் இடமே கிடையாது. தீர்ப்புகளில் இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் மனுதாரர் வக்கீலின் வாதம், அரசு வக்கீலின் வாதம், மாறுபட்ட நீதிபதியின் கருத்து எல்லாம் ஒரே மொழியில், ஒரே கம்பீரத்தில் எழுதப்பட்டிருக்கும். வரி கிடைத்துவிட்டது என்பதால் ஆதாரம் கிடைத்துவிட்டது என்று ஆகாது. அதனால் என் அட்டவணையில் பத்தி எண்ணுக்குப் பக்கத்தில் "யார் குரல்" என்று இன்னொரு கட்டம் உண்டு. அப்புறம், தீர்ப்புத் தொகுப்பில் மேலே அச்சாகியிருக்கும் ஹெட்நோட்டை மூலமாக எடுக்கவே கூடாது. அது தொகுப்பாசிரியர் எழுதிய சுருக்கம். சுருக்கத்தைச் சுருக்கத்தோடு ஒப்பிட்டு என்ன பயன்?

இந்தத் தீர்ப்பைப் பயிற்சிக்கு எடுத்ததற்கு உண்மையான காரணம் 7-6 என்ற கூற்று. தீர்ப்பின் முடிவில் நீதிபதிகளே போட்ட ஒரு சுருக்கம் இருக்கிறது, "பெரும்பான்மையின் கருத்து" என்று தலைப்பு. ஆறே அம்சங்கள்: கோலக்நாத் தீர்ப்பு விலக்கப்படுகிறது, அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற, அரசமைப்பைத் திருத்தும் அதிகாரம் தரும் 368ஆம் பிரிவு இடம் தராது, 24ஆம் திருத்தம் செல்லும், அப்படிப் போகும். அதில் ஓட்டுக் கணக்கு எதுவும் இல்லை, கையெழுத்துதான் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்கள் 9 பேர். ரே, மேத்யூ, பெக், துவிவேதி ஆகிய 4 பேர் போடவில்லை. இதைப் பார்த்த ஒரு ஜூனியர் 7-6 என்பது முரண், 9-4 என்பதே சரி என்று எழுதி வந்தார். ஆதாரமும் கையில் இருந்தது.

ஆனால் கையெழுத்துப் போட்ட 9 பேரில் பாலேகரும் ஒய்.வி. சந்திரசூட்டும் உண்டு. அவர்கள் இருவரும் தங்கள் தனித் தீர்ப்புரையில், திருத்தும் அதிகாரத்துக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை என்ற பக்கம் நின்றவர்கள். பெரும்பான்மையின் கருத்து இது என்று சான்று சொல்வது வேறு, அந்தக் கருத்து தனக்கும் உண்டு என்பது வேறு. 11 தீர்ப்புரைகளின் முடிவுப் பகுதியையும் படித்து எண்ணினால் 7-6 வரும். அதாவது இந்தக் கூற்றுக்கு ஒற்றைப் பத்தி எண் கொடுக்க முடியாது, 11 இடங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீண்ட மூலங்களில் இப்படிப்பட்ட கூற்றுகள்தான் நேரத்தைத் தின்னும். ஒரு பத்தியைக் காட்டி முடிவு சொல்லும் எந்தக் கருவியும், எந்த அவசர வாசகரும், இங்கேதான் வழுக்குவார்கள்.

கணக்குக்கு வருவோம். 12 கூற்றில் முதல் 6க்கு ஆதாரம் உண்டு. பட்டியல், "மூலத்தில் இல்லை". திருத்தங்கள் மூன்றும் முரண். கடைசி இரண்டு, "மூலத்தில் இல்லை". 6/12, ஆக 50 சதவீதம். சரி, நான்காவது வாக்கியத்தை மூன்றாகப் பிரிக்காமல் ஒன்றாக வைத்திருந்தால்? 6/10, 60 சதவீதம். வாக்கியத்தையே அலகாக எடுத்தால் ஐந்தில் இரண்டுதான் முழுக்கச் சரி, 40 சதவீதம். முதல் வாக்கியத்தை இன்னும் பொடியாக்கி, "கேசவானந்த பாரதி என்பவர் வழக்குத் தொடுத்தார்", "எதிர்க்கப்பட்டது ஒரு நிலச் சட்டம்", "அது கேரளச் சட்டம்" என்று மூன்று கூற்றுகளைக் கூடுதலாகச் சேர்த்தால் 9/15, மறுபடியும் 60. சுருக்கத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. யாராவது "எங்கள் சுருக்கம் 90 சதவீதம் துல்லியம்" என்று சொன்னால் நான் முதலில் கேட்பது எப்படி உடைத்தீர்கள் என்பதைத்தான். இரண்டு சுருக்கங்களை ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே ஆள், ஒரே விதியில் இரண்டையும் உடைத்திருக்க வேண்டும்.

"மூலத்தில் இல்லை" என்று எழுதுவதற்கு முன் எங்கெல்லாம் தேடினோம் என்பதையும் குறிக்கச் சொல்கிறேன். மூலம் ஆங்கிலத்தில், சுருக்கம் தமிழில் என்றால் இது இன்னும் முக்கியம். நாம் "செல்லாது" என்று ஒரே சொல்லில் எழுதுவதை ஆங்கிலத் தீர்ப்பு இன்வேலிட், வாய்ட், அல்ட்ரா வைரீஸ் என்று வெவ்வேறு விதமாகச் சொல்லும். ஒரு சொல்லைத் தேடி, கிடைக்காமல், இல்லை என்று முடித்துவிட்டால் தப்பு நம்முடையது.

இந்த அளவுகோலுக்குத் தெரியாத ஒன்று விடுபட்ட விஷயம். 26ஆம் திருத்தம் செல்லுமா என்பதை அந்த அமர்வு முடிவு செய்யாமல் அரசமைப்பு அமர்வுக்கு விட்டது. நம் சுருக்கத்தில் அது இல்லை, அதற்காக ஒரு மதிப்பெண்ணும் குறையவில்லை. முதல் வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டினால் 100 சதவீதம் கிடைத்துவிடும்! அதனால் எதிர்த் திசையிலும் ஒருமுறை போக வேண்டியிருக்கிறது: தீர்ப்பின் முடிவில் உள்ள அம்சங்களை எடுத்து, ஒவ்வொன்றும் சுருக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. அதற்குத் தனி மதிப்பெண் போடுவேன், இரண்டையும் கூட்டிச் சராசரி எடுப்பதில்லை.

எழுதியவருக்குத் திருப்பி அனுப்பும்போது சதவீதத்தை மேலே போடுவதில்லை. முரண்கள் முதலில், மூலத்தில் இல்லாதவை அடுத்து, அப்புறம்தான் எண். இந்தப் பயிற்சியில் நான்காவது வாக்கியம் கடைசியில் இப்படித் திருந்தி வந்தது: "24, 29ஆம் திருத்தங்கள் செல்லும் என்றது. 25ஆம் திருத்தமும் செல்லும், நீதிமன்றம் கேள்வி கேட்பதைத் தடுத்த ஒரு பகுதி நீங்கலாக. 26ஆம் திருத்தத்தை முடிவு செய்யாமல் அரசமைப்பு அமர்வுக்கு அனுப்பியது." ஒரு வரி மூன்று வரியாகிவிட்டது. இதழின் பக்க வடிவமைப்பாளருக்கு அதில் வருத்தம்தான்.