எத்தனை பில் பார்த்தால் போதும்? தணிக்கை இடர் மாதிரியின் கணக்கு

தணிக்கைக்குப் போகிற யாரும் எல்லா பில்லையும் பார்ப்பதில்லை. ஒரு பகுதியை எடுத்துச் சோதிக்கிறார்கள். அந்தப் பகுதி 24 பில்லா, 56 பில்லா என்பதை எது தீர்மானிக்கிறது? மூன்று இடர்களைச் சேர்த்துப் பார்க்கும் தணிக்கை இடர் மாதிரிதான். சர்வதேச தணிக்கைத் தரநிலைகளில் 200, 315, 330 ஆகிய மூன்றும் இதன் மேல்தான் நிற்கின்றன. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பலருக்கும், இந்தச் சூத்திரம் வேலையின் அளவை எப்படி மாற்றுகிறது என்பது பிடிபடாமலே போய்விடுகிறது. அதனால் ஒரே ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரை போட்டுப் பார்ப்போம்.

முதலில் சூத்திரம்:

```
தணிக்கை இடர் = உள்ளார்ந்த இடர் × கட்டுப்பாட்டு இடர் × கண்டறிதல் இடர்
```

கணக்கில் பெரிய பிழை இருந்தும், "கணக்கு சரி" என்று தணிக்கையாளர் கையெழுத்துப் போட்டுவிடும் வாய்ப்புதான் தணிக்கை இடர். அப்படி நடக்க மூன்று விஷயங்கள் அடுத்தடுத்து நடந்தாக வேண்டும். முதலில் பிழை பிறக்க வேண்டும். அது உள்ளார்ந்த இடர். அப்புறம் நிறுவனத்தின் சொந்தக் கட்டுப்பாடுகள் அதைத் தடுக்காமலோ, பிடித்துத் திருத்தாமலோ விட வேண்டும். அது கட்டுப்பாட்டு இடர். கடைசியில் தணிக்கையாளரின் சோதனையும் அதைத் தவறவிட வேண்டும்; அது கண்டறிதல் இடர்.

முதல் இரண்டும் நிறுவனத்துக்குள் இருப்பவை. தணிக்கையாளர் அவற்றை மதிப்பிடலாம், மாற்ற முடியாது. அவர் கையில் இருப்பது மூன்றாவது மட்டும்தான். அதனால் வேலையைத் திட்டமிடும்போது சூத்திரத்தைத் திருப்பிப் போடுகிறோம்: தணிக்கை இடரை மற்ற இரண்டின் பெருக்கத்தால் வகுத்தால், எவ்வளவு கண்டறிதல் இடரை நாம் தாங்கலாம் என்பது கிடைக்கும். அந்த எண் சிறியதானால் சோதனை கூடும், பெரியதானால் குறையும்.

சரி, உதாரணத்துக்கு வருவோம். கடனுக்குச் சரக்கு விற்கும் ஒரு நிறுவனம். வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி மொத்தம் 2 கோடி. எந்த நாணயமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். இந்தப் பாக்கியில் 10 லட்சம் வரை பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று தணிக்கையாளர் முடிவு செய்திருக்கிறார். தணிக்கை இடரை 5% என்று வைக்கிறார். தரநிலை "ஏற்கத்தக்க அளவு குறைவு" என்று மட்டும்தான் சொல்கிறது, எண் எதையும் கொடுக்கவில்லை. 5% என்பது நடைமுறை.

இடரைப் பொத்தாம்பொதுவாக "இந்த நிறுவனம் ரிஸ்க்" என்று மதிப்பிடக் கூடாது. கணக்கிலுள்ள குறிப்பிட்ட கூற்றுக்கு மதிப்பிட வேண்டும். இங்கே நாம் பார்ப்பது, "இந்தப் பாக்கி உண்மையிலேயே இருக்கிறது" என்ற கூற்று. விற்பனை மேலாளர்களின் போனஸ் ஆண்டு விற்பனை இலக்கோடு கட்டப்பட்டிருக்கிறது. ஆண்டின் கடைசி வாரத்தில் விற்பனை திடீரென்று ஏறியிருக்கிறது. சரக்கு வெளியே போகும் முன்பே பில் போட்டுவிட ஆசை வருவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம். ஆகவே உள்ளார்ந்த இடர் 80%. இதே நிறுவனத்தில் கட்டிட வாடகைச் செலவுக்கு இந்த எண் மிகக் குறைவாக இருக்கும். அங்கே ஒரே ஒப்பந்தம், மாதாமாதம் ஒரே தொகை.

அடுத்தது கட்டுப்பாடு. வாடிக்கையாளர் கையெழுத்திட்ட டெலிவரி சலானோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பில்லைக் கணக்கில் ஏற்ற வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒப்பிட்டவர் பில்லில் கையொப்பமும் தேதியும் போட வேண்டும். எழுத்தில் நல்ல விதிதான். இதை நம்பி கட்டுப்பாட்டு இடரை 20% என்று வைத்துத் திட்டம் போடுகிறார் தணிக்கையாளர். அப்படியானால் கண்டறிதல் இடர் 0.05 ÷ (0.8 × 0.2), அதாவது 31.25%.

இந்த 31.25% எப்படி பில் எண்ணிக்கையாக மாறுகிறது? தொகைவாரி மாதிரி எடுக்கும் முறையில், அதாவது பில்லின் தொகை பெரிதாகப் பெரிதாக அது மாதிரியில் விழும் வாய்ப்பும் அதே அளவில் கூடும் முறையில், பிழையே இருக்காது என்று எதிர்பார்த்தால், கண்டறிதல் இடரின் இயல் மடக்கையை மைனஸ் போட்டு எடுத்தால் ஒரு காரணி கிடைக்கும். விரிதாளில் இப்படி அடிக்கலாம்:

```
=-LN(0.3125)
```

விடை 1.16. மொத்தப் பாக்கியைப் பொறுக்கும் பிழையால் வகுத்தால் 20. இரண்டையும் பெருக்கினால் 23.3, ஆக, 24 பில்.

ஆனால் கட்டுப்பாட்டை நம்புகிறேன் என்று சொன்னால் மட்டும் போதாது, அது ஆண்டு முழுதும் வேலை செய்ததா என்று சோதித்தாக வேண்டும். 25 பில்களை எடுத்துப் பார்க்கிறார். 22இல் குறையில்லை. ஒன்றில் ஒப்பிட்டவர் கையொப்பம் இல்லை. மற்ற இரண்டில் கையொப்பம் இருக்கிறது. ஆனால் அதன் கீழே உள்ள தேதி, கணக்கில் ஏற்றிய தேதிக்கு ஒன்பது நாள் பிந்தியது. கையொப்பம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு போகிறவருக்கு இந்த இரண்டும் சரியான பில்கள். தேதியைப் பார்த்தால்தான் தெரியும், பில்லை ஏற்றிய பிறகு யாரோ உட்கார்ந்து மொத்தமாகக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஏற்றுவதற்கு முன் தடுக்க வேண்டிய கட்டுப்பாடு, ஏற்றிய பின் செய்த சடங்காகிவிட்டது.

25க்கு 3 என்றால் 12%. சிறிய மாதிரி என்பதால், உண்மையான தவறு விகிதம் நாலில் ஒரு பங்கு வரைகூட இருக்கலாம். ஒன்றுகூடத் தவறாமல் இருந்திருந்தால், 90% நம்பிக்கையில் தவறு விகிதம் சுமார் 9%க்குள் என்று சொல்லியிருக்கலாம். இப்போது அந்தக் கட்டுப்பாட்டின் மேல் சாய முடியாது. கட்டுப்பாட்டு இடர் 100% ஆகிறது. (2019இல் திருத்திய தரநிலை 315 இதை வெளிப்படையாகவே சொல்கிறது: கட்டுப்பாட்டின் செயல்பாட்டைச் சோதிக்கும் எண்ணம் இல்லையென்றால், உள்ளார்ந்த இடர்தான் மொத்த இடர். சோதிக்காமல் "சுமாராக 50%" என்று போட்டுக்கொள்ள வழியில்லை.)

புதுக் கணக்கு: 0.05 ÷ (0.8 × 1) = 6.25%. காரணி 2.77. அதை 20ஆல் பெருக்கினால் 55.4, ஆக 56 பில். முன்பு போட்ட திட்டத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

இந்த இடத்தில்தான் நடைமுறையில் தவறு நடக்கிறது. நேரம் ஏற்கெனவே 24 பில்லுக்கு ஒதுக்கியாகிவிட்டது. கோப்பில் மூன்று தவறுகளையும் எழுதிவைத்துவிட்டு, "தனித்தனிச் சம்பவங்கள், பெரிதல்ல" என்று ஒரு வரி சேர்த்துவிட்டு 24உடன் முடித்துவிடுகிறார்கள். அதன் விலை என்ன என்று சூத்திரத்திலேயே போட்டுப் பாருங்கள்: 0.8 × 1 × 0.3125 = 25%. 5% என்று நினைத்துக் கையெழுத்திடுகிறவர், உண்மையில் நாலில் ஒரு பங்கு இடரோடு கையெழுத்திடுகிறார். இது வேறு யாருக்கும் தெரியாது. அறிக்கையின் வாசகம் இரண்டு நிலையிலும் ஒன்றுதான். அதனால்தான் எந்தக் கோப்பைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது, கட்டுப்பாட்டுச் சோதனையில் தவறு வந்த பிறகு மாதிரி அளவு மாறியிருக்கிறதா என்பதை.

எண்ணிக்கை கூடுவது மட்டும் போதுமா என்றால், இல்லை. கண்டறிதல் இடரைக் குறைக்க சோதனையின் தன்மையும் நேரமும் மாற வேண்டும். பாக்கி சரிதானா என்று வாடிக்கையாளர்களிடமே கேட்கும் உறுதிக் கடிதத்தை ஆண்டு முடிவுக்கு இரண்டு மாதம் முன்னால் அனுப்பலாம் என்று தணிக்கையாளர் முதலில் நினைத்திருந்தார். இப்போது ஆண்டு முடிவுத் தேதிக்கே மாற்றுகிறார். கூடவே, ஆண்டின் கடைசி வாரத்துப் பில்களைக் கிடங்கின் வெளியேற்றப் பதிவேட்டோடு ஒப்பிடுகிறார். புத்தாண்டின் முதல் சில வாரங்களில் திரும்பி வந்த சரக்குக்குக் கொடுத்த கழிவுச் சீட்டுகளையும் பார்க்கிறார்.

இந்தச் சூத்திரம் எட்டாத ஒரு மூலையும் இருக்கிறது. 56 கடிதம் அனுப்பினாலும், முகவரிப் பட்டியலை நிறுவனத்தின் விற்பனைப் பிரிவிடமிருந்தே வாங்கி, கடிதங்களை அவர்கள் கையிலேயே தபாலுக்குக் கொடுத்தால், கண்டறிதல் இடர் 6.25% ஆகாது. காரணி கணக்கிடுவது மாதிரியில் சிக்காமல் போகும் வாய்ப்பை மட்டும்தான். சிக்கிய பில்லையே தவறாகப் படிப்பதும், போலிப் பதிலை நம்புவதும் அதற்கு வெளியே. முகவரியைத் தனியாகச் சரிபார்த்து, பதில் நேரே தணிக்கையாளருக்கு வரும்படி செய்தால்தான் அந்த 56க்கு அர்த்தம் உண்டு.

எதிர்ப்பக்கமும் ஒரு எல்லை உண்டு. உள்ளார்ந்த இடரும் கட்டுப்பாட்டு இடரும் எவ்வளவு குறைந்தாலும் சோதனை பூஜ்யம் ஆகாது. பெரிய தொகையுள்ள ஒவ்வொரு கணக்கு வகைக்கும் ஏதாவது நேரடிச் சோதனை செய்தே ஆக வேண்டும் என்கிறது தரநிலை 330. நம் மதிப்பீடே தவறாக இருக்கலாம் என்பதும், எந்தக் கட்டுப்பாட்டையும் மேலே இருப்பவர் மீறலாம் என்பதும்தான் காரணம். சதவீதங்கள் எல்லாம் மனிதர் தீர்ப்புதான். 80% என்று எழுதியதால் அது அளந்தெடுத்த எண் ஆகிவிடாது. பல நிறுவனங்கள் எண்ணே போடாமல் "அதிகம், நடுத்தரம், குறைவு" என்று வைத்துக்கொள்வதும் இதனால்தான்.

சரி, அந்த 56 பில்லில் என்ன கிடைத்தது? ஒரு பில், 1.5 லட்சம். ஆண்டின் கடைசி நாள் தேதி போட்டிருக்கிறது. கிடங்குப் பதிவேட்டில் சரக்கு வெளியேறியது அதற்கு இரண்டு நாள் கழித்து. ஆக, அந்தப் பாக்கி ஆண்டு முடிவில் இல்லவே இல்லை. 56 எடுக்கும்போது இந்தப் பில் மாதிரியில் விழும் வாய்ப்பு சுமார் 42%. 24 எடுத்திருந்தால் 18%தான்.

1.5 லட்சம்தானே, 10 லட்சத்துக்குள் அடங்கிவிடுகிறதே என்று விட முடியாது. மாதிரியின் ஒவ்வொரு பில்லும் 2 கோடியில் சுமார் 3.57 லட்சத்துக்குப் பிரதிநிதி. பில் முழுவதும் தவறு என்பதால், கணிக்கப்படும் பிழை 3.57 லட்சம். மாதிரி எடுத்ததால் வரும் ஐயத்துக்கும் இடம் விட்டால் மேல் எல்லை 10 லட்சத்தைத் தாண்டிவிடும், ஏனென்றால் 56 என்ற எண்ணே ஒரு பிழைகூட வராது என்ற எதிர்பார்ப்பில் போட்டது. பாக்கி சரி என்று இப்போதைக்கு எழுத முடியாது. தணிக்கையாளர் கடைசி வாரத்துப் பில்களை முழுவதுமாக எடுத்து, ஒவ்வொன்றையும் கிடங்குப் பதிவேட்டோடு வைத்துப் பார்க்கத் தொடங்குகிறார்.