எம்சிபி விழவில்லை, ஆனால் கருகல் வாடை வருகிறது

ஒரு மளிகைக்கடைக்காரர் தன் எலக்ட்ரீஷியனுக்கு இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

“தம்பி, வணக்கம். ஒரு வாரமாகக் கடையில் கருகல் வாடை வருகிறது. மீன் வாடை மாதிரியும் இருக்கிறது. காலையில் ஃப்ரீசர் மட்டும் ஓடும்போது ஒன்றும் இல்லை. சாயங்காலம் டீக்கு எலக்ட்ரிக் கெட்டிலும் போட்டால் கால் மணி நேரத்தில் வாடை வந்துவிடுகிறது, அணைத்தால் போய்விடுகிறது. இரண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான் இருக்கின்றன. அது செருகியிருக்கும் சுவர் பிளக் பாயின்ட் தொட்டால் சுடுகிறது. எம்சிபி ஒரு தடவைகூட விழவில்லை. இன்று மாலையிலிருந்து அந்த லைனை அணைத்தே வைத்திருக்கிறேன். நாளைக்கு முதல் வேலையாக வந்து பார்க்கவும்.”

நல்ல கடிதம். எப்போது வருகிறது, எதைப் போட்டால் வருகிறது, எந்த இடம் சுடுகிறது என்று மூன்றையும் சொல்லிவிட்டார். எலக்ட்ரீஷியன் போர்டைத் திறக்கும் முன்பே பாதி நோய் தெரிந்துவிடும்: அந்த பிளக் பாயின்ட்டில் லூஸ் காண்டாக்ட்.

திருகு சரியாக இறுகாத இடத்திலோ, சாக்கெட்டின் பித்தளைத் தகடு தளர்ந்த இடத்திலோ உலோகம் உலோகத்தைச் சில புள்ளிகளில் மட்டுமே தொடும். மொத்த மின்னோட்டமும் அந்தப் புள்ளிகள் வழியாகத்தான் நெருக்கியடித்துப் போக வேண்டும். அங்கே 0.3 ஓம் மின்தடை உண்டாகியிருக்கிறது என்று கொள்வோம். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஃப்ரீசர் மட்டும் ஓடும்போது 2 ஆம்பியர் என்றால், 2 × 2 × 0.3, அதாவது 1.2 வாட். இந்தச் சூடு யாருக்கும் தெரியாது. 1,400 வாட் கெட்டில் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 6 ஆம்பியர் எடுக்கும். இரண்டும் சேர்ந்தால் சுமார் 8 ஆம்பியர். இப்போது வெப்பம் 19 வாட்டுக்கு மேல். மின்னோட்டம் நான்கு மடங்குதான் ஏறியது, சூடு பதினாறு மடங்கு ஏறிவிட்டது. சின்ன சாலிடரிங் அயர்ன் ஒன்றை பிளக் பாயின்ட்டுக்குள் மூடி வைத்தது போலத்தான். வாடை ஏன் சாயங்காலம் மட்டும் வருகிறது என்பதற்கு இதுவே பதில்.

சரி, எம்சிபி ஏன் விழவில்லை? அது தன் வழியாக எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்பதை மட்டுமே பார்க்கும். 16 ஆம்பியர் எம்சிபிக்கு 8 ஆம்பியர் சாதாரணம். லூஸ் காண்டாக்ட் மின்னோட்டத்தைக் கூட்டுவதில்லை, கொஞ்சம் குறைக்கவே செய்யும். மின்கசிவைக் கண்டால் அணைக்கும் ஆர்சிசிபி இருந்தாலும் இதே கதை. போன மின்னோட்டம் முழுதாகத் திரும்பி வருகிறது, கசிவு இல்லை, அதனால் அதற்கும் புகார் இல்லை. இந்தப் பழுதில் கடைக்காரரின் மூக்குதான் முதலில் கண்டுபிடிக்கும் கருவி.

இது தானாகச் சரியாகவும் ஆகாது. சூட்டில் உலோகம் விரியும், அணைத்தால் சுருங்கும். ஒவ்வொரு முறையும் பிடி இன்னும் கொஞ்சம் தளரும். செம்பின் மேல் கறுப்பு ஆக்சைடு படியும், மின்தடை மேலும் ஏறும். சாதாரண பிவிசி ஒயரின் உறை 70 டிகிரி வரை தொடர்ந்து தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. அதற்கு மேல் போகப் போக மென்மையாகி, பிறகு நொறுங்கிக் கருகும். சுவிட்ச், சாக்கெட் செய்யப் பயன்படும் சில பிளாஸ்டிக்குகள் சூட்டில் சிதையும்போது வருவதுதான் அந்த மீன் வாடை. கருகிய பரப்பு கரியாகிவிட்டால் அதுவே மின்சாரம் கடத்தும். அப்போது ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே தீப்பொறி ஓட வழி கிடைத்துவிடும். எம்சிபி அந்தக் கட்டத்தில் விழலாம், ஆனால் அதற்குள் பக்கத்திலிருக்கும் அட்டைப்பெட்டி பற்றியிருக்கலாம்.

எலக்ட்ரீஷியன் வந்து மெக்கர் வைத்துப் பார்த்துவிட்டு “இன்சுலேஷன் நல்லாத்தான் இருக்கு” என்று சொன்னால், அதோடு விட்டுவிடக் கூடாது. மெக்கர் ஒயர்களுக்கு நடுவே கசிவு இருக்கிறதா என்று பார்க்கும். இணைப்பு தளர்ந்திருப்பது அதில் தெரியாது. டெஸ்டரும் எரியத்தான் செய்யும். மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, போர்டைக் கழற்றிக் கண்ணால் பார்க்க வேண்டும். பழுப்பேறிய உறை, நிறம் மாறிய திருகு, இழுத்தால் கையோடு வரும் ஒயர் ஆகியவைதான் அடையாளம். நியூட்ரல் பக்கத்தையும் விடக் கூடாது. அதிலும் அதே 8 ஆம்பியர்தான் ஓடுகிறது.

திருகை மட்டும் இறுக்கிவிட்டுப் போவது பாதி வேலை. கறுத்த செம்பை வெட்டிவிட்டு, பளிச்சென்று இருக்கும் இடம் வரை உறையை உரித்துப் புதிதாக மாட்ட வேண்டும். சூடு பட்ட பித்தளைத் தகடு பிடிமானத்தை இழந்திருக்கும், அதனால் சாக்கெட்டையே மாற்ற வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் பிளக்கில் பின்கள் கறுத்திருந்தால் அதையும் கூடவே மாற்றச் சொல்லுங்கள். பழைய பின்னைச் செருகினால் புது சாக்கெட்டும் சீக்கிரமே சுட ஆரம்பித்துவிடும்.