வயலினை ஏற்றினால் மானிட்டர் ஏன் கூவுகிறது?

மார்கழிக் கச்சேரிகளில் ஒலி அமைக்கப் போகும்போது, எனக்கு முந்தைய கச்சேரி முடிவதற்கு முன்பே போய் மிக்சர் அருகில் உட்கார்ந்துகொள்வது என் வழக்கம். மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு சபாவில் அப்படி உட்கார்ந்திருந்த மாலையில் நடந்ததைச் சொல்கிறேன். மிக்சரைக் கையாண்ட தம்பிக்கு நல்ல காது. பாடகரின் குரலும் மிருதங்கமும் அரங்கில் அழகாக நின்றன. ஆனால் வயலின் தனியாக ராகம் வாசிக்கத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் மேடையிலிருந்து ‘கூ’ என்று ஓர் ஊளை கிளம்பியது. தம்பி பதறி, ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியான ஃபேடரைக் கீழே இழுப்பார், ஊளை அடங்கும். அடுத்த முறையும் அதேதான்.

“அண்ணா, வயலின் மைக்கை மாற்றிப் பார்க்கலாமா?” என்று கேட்டார்.

மைக்கில் குறை இல்லை. மேடையில் இருப்பவர்கள் கேட்பதற்காகப் பாடகருக்கு முன்னால் வைத்த ஸ்பீக்கர்தான் மானிட்டர்; அதற்கு ஒலியை அனுப்பிய ஆக்ஸ் 1, போஸ்ட்-ஃபேடராக இருந்தது. சென்னையில் பல சபாக்களிலும் கல்யாண மண்டபங்களிலும் இதே பிழையைக் கண்டிருக்கிறேன். பழியை மைக்கும் ஸ்பீக்கரும் ஏற்கின்றன, சில நேரம் வித்வானே ஏற்கிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மிக்சரில் ஒரு மைக்குக்கான பாதையான சேனலுக்குள் வந்த ஒலி, அதை முதலில் பெருக்கும் கெயின் குமிழைக் கடந்து, ஒலியின் நிறத்தைத் திருத்தும் ஈக்யூவைக் கடந்து, கடைசியாக ஃபேடரை அடைகிறது. ஃபேடரைத் தாண்டியதும் அரங்கின் பெரிய ஸ்பீக்கர்களுக்குப் போகிறது. ஆக்ஸ் என்பது இந்தப் பாதையிலிருந்து பிரியும் ஒரு கிளை வாய்க்கால். ஃபேடருக்கு முன்பே பிரிந்தால் அது ப்ரீ-ஃபேடர். ஃபேடரைத் தாண்டிய பிறகு பிரிந்தால் போஸ்ட்-ஃபேடர். ஃபேடரை மதகாக நினைத்துக்கொள்ளுங்கள். மதகுக்கு மேலே பிரிந்த வாய்க்காலில், மதகை மூடினாலும் திறந்தாலும் தண்ணீர் ஒரே அளவில் ஓடும். கீழே பிரிந்த வாய்க்கால் மதகோடு சேர்ந்தே ஏறும், இறங்கும்.

அன்று நடந்ததைக் கணக்காகப் பார்ப்போம். கச்சேரிக்கு முன் சோதித்தபோது வயலின் ஃபேடர் -10 டெசிபலில் இருந்தது. அந்த நிலையில் பாடகர் கேட்ட அளவுக்கு மானிட்டரில் வயலினை வைத்தார்கள். அந்த அளவிலிருந்து இன்னும் 4 டெசிபல் ஏற்றினால் ஊளை தொடங்கிவிடும் என்று வைத்துக்கொள்வோம். சிறிய மேடையில், தரையில் உட்கார்ந்து வாசிக்கும் கலைஞர்களுக்கு அருகிலேயே மானிட்டர் இருக்கும்போது, இதைவிடப் பெரிய இடைவெளி எளிதில் கிடைக்காது.

வயலின் ராகம் தொடங்கியது. தம்பி செய்ய வேண்டியதைச் செய்தார். ஃபேடரை -10லிருந்து -4க்கு ஏற்றினார். அரங்கில் 6 டெசிபல் கூடியது. போஸ்ட்-ஃபேடர் என்பதால், யாரும் கேட்காமலே மானிட்டரிலும் 6 டெசிபல் கூடியது. கைவசம் இருந்த இடைவெளி நான்குதான். மானிட்டரில் வந்த வயலின் ஒலியை வயலின் மைக்கே மீண்டும் பிடித்து அனுப்ப, சுற்று தொடங்கிவிட்டது.

இதைவிடக் கவலை தருவது அடுத்த கட்டம். பாடகர் மீண்டும் பாடத் தொடங்கியதும், குரல் மேலே நிற்கட்டும் என்று வயலினை -13க்கு இறக்கினார். மானிட்டரிலும் 3 டெசிபல் குறைந்தது. பாடகர் எங்கள் பக்கம் திரும்பி, “வயலின் எனக்குக் கேட்கவில்லை, கொஞ்சம் ஏற்றுங்கள்” என்று சைகை காட்டினார். தம்பி ஆக்ஸ் குமிழை 3 டெசிபல் ஏற்றினார். அந்த நொடி எல்லாம் சரியாகிவிட்டது போலத்தான் தோன்றும். ஆனால் ஃபேடர் பழையபடி -10க்கு வந்தாலே இப்போது மிஞ்சும் இடைவெளி 1 டெசிபல்தான். அடுத்த தனிக்கு -5 வரை ஏற்றினாலும் எல்லையை 4 டெசிபல் தாண்டிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் பாடகர் கேட்கக் கேட்கக் குமிழ் ஏறும், ஊளையும் முன்னதாகவே கிளம்பும். கடைசியில் என்ன செய்வார்கள்? கிராஃபிக் ஈக்யூவில் ஊளையிடும் பட்டைகளை ஒவ்வொன்றாக வெட்டுவார்கள். வயலின் தன் நிறத்தை இழந்து, போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல் ஆகிவிடும். இல்லாத நோய்க்குக் கொடுத்த மருந்து அது.

ஆக்ஸ் ப்ரீயாக இருந்திருந்தால் மானிட்டரில் வயலின் சோதித்த இடத்திலேயே நின்றிருக்கும். அரங்கில் 6 டெசிபல் ஏறியிருக்கும், மேடைக்கு அது தெரிந்தே இருக்காது. தனி ஆவர்த்தனத்தின்போது மிருதங்கத்தையும் கடத்தையும் அரங்குக்காக ஏற்றும்போதும் அப்படியே. மேடையில் இருப்பவர் தன் காதுக்குப் பழகிய அளவை நம்பித்தான் வாசிக்கிறார். ரசிகருக்காக நாம் செய்யும் ஏற்ற இறக்கம் அவருடைய காலடியில் அசையக் கூடாது.

அன்று மிக்சரில் வயலின் சேனலின் ஆக்ஸ் 1 அருகில் ஒரு சிறு பொத்தான் இருந்தது. அழுத்தினால் ப்ரீ, விட்டால் போஸ்ட். அதை அழுத்தச் சொல்வதற்கு முன் தம்பியின் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஃபேடர் -10இல் இருக்கும்போது பொத்தானை அழுத்தினால், அந்த 10 டெசிபல் தணிப்பு மானிட்டருக்கு இல்லாமல் போகும். பாடகரின் முகத்தில் வயலின் ஒரே தாவாகப் 10 டெசிபல் ஏறும். பாட்டுகளுக்கு நடுவே மிருதங்கத்தைச் சுருதி சேர்க்கும் இடைவெளி வரும்வரை காத்திருந்தோம். முதலில் ஆக்ஸ் குமிழை முழுவதும் மூடினோம், பிறகு பொத்தானை அழுத்தினோம், பிறகு பாடகர் தலையசைக்கும்வரை மெல்லத் திறந்தோம். மற்றச் சேனல்களிலும் ஒன்றொன்றாக இதே வரிசைதான். சில மிக்சர்களில் ஒரே பொத்தான் எல்லாச் சேனல்களின் ஆக்ஸையும் சேர்த்து மாற்றிவிடும். அங்கே எல்லாக் குமிழ்களையும் முதலில் மூட வேண்டும். அதன் பிறகு அந்தக் கச்சேரியில் வயலின் நிம்மதியாக வாசித்தது.

ரிவெர்ப் விஷயத்தில் எல்லாம் தலைகீழ். ரிவெர்ப் என்பது குரலோடு சேர்க்கும் எதிரொலி, குரலின் நிழல். குரல் ஏறினால் அதுவும் ஏற வேண்டும், குரல் போனால் அதுவும் போக வேண்டும். ஆகவே ரிவெர்புக்கு அனுப்பும் ஆக்ஸ் போஸ்ட்-ஃபேடராகவே இருக்க வேண்டும். மெல்லிசைக் குழுவில் பாடகரின் குரலைவிட ரிவெர்ப் 12 டெசிபல் கீழே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கோரஸ் பாடும் இடத்தில் அந்தக் குரலை 10 டெசிபல் இறக்குகிறீர்கள். போஸ்ட் என்றால் இரண்டும் ஒன்றாக இறங்கும், அந்த 12 மாறாது. ப்ரீ என்றால் குரல் மட்டும் இறங்கும்; ரிவெர்ப் நின்ற இடத்திலேயே நிற்பதால் வித்தியாசம் 2 டெசிபலாகச் சுருங்கிவிடும். பாடகர் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது போல் கேட்கும். ஃபேடரை முழுவதும் மூடினாலோ குரல் மறைந்து எதிரொலி மட்டும் அரங்கில் உலவும். மேடையோரம் அவர் யாரிடமோ மெதுவாகப் பேசுவதும் அதில் கலந்து வரும். ஃபேடர் மூடியிருக்கிறது, ஆனாலும் தூரத்தில் குரல் கேட்கிறது என்றால் முதலில் ரிவெர்ப் ஆக்ஸைப் பாருங்கள்.

பாடகர் மானிட்டரில் கொஞ்சம் ரிவெர்ப் கேட்டால், ரிவெர்ப் திரும்பி வரும் சேனலில் மானிட்டர் ஆக்ஸைச் சிறிது திறந்தால் போதும். அதே சேனலில் ரிவெர்புக்குப் போகும் ஆக்ஸ் கண்டிப்பாக மூடியிருக்க வேண்டும். திறந்திருந்தால் ரிவெர்ப் தன்னையே விழுங்கிச் சுழன்று பெருகும்.

உங்கள் கைக்கு வந்த மிக்சரில் எது எப்படி என்று தெரிந்துகொள்ள அரை நிமிடம் போதும். சேனலில் சுருதிப் பெட்டியை ஒலிக்க விட்டு, மானிட்டரில் கேட்கும்படி ஆக்ஸைத் திறந்து, ஃபேடரை அடிவரை இறக்குங்கள். மானிட்டரில் சுருதி தொடர்ந்தால் ப்ரீ, அடங்கினால் போஸ்ட். டிஜிட்டல் மிக்சரில் திரையிலேயே PRE, POST என்று காட்டும். ஆனால் முந்தைய நிகழ்ச்சிக்காரர் சேமித்து வைத்த அமைப்பைத் திறந்தால் அவருடைய தேர்வுதான் வரும். அங்கேயும் காதால் சோதிப்பதே என் பழக்கம். சோதிக்கும்போதே மியூட் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். சில மிக்சர்களில் மியூட் ப்ரீ ஆக்ஸையும் சேர்த்து அடைக்கும், சிலவற்றில் அடைக்காது. தலைவர் உரை முடிந்ததும் மைக்கை மியூட் செய்துவிட்டோம் என்று நம்பியிருக்க, மேடை மானிட்டரில் அவர் பேச்சு தொடர்ந்தால் சங்கடம் நமக்கு மட்டுமல்ல.

ப்ரீ என்றதும் மானிட்டருக்கு முழுப் பாதுகாப்பு வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். கெயின் குமிழ் அந்தப் பிரிவுக்கும் முன்னால் இருக்கிறது. கச்சேரி நடுவில் கெயினை 3 டெசிபல் ஏற்றினால் அரங்கு, மானிட்டர் இரண்டிலும் அந்த மூன்றும் ஏறும். பல சிறிய மிக்சர்களில் ப்ரீ ஆக்ஸ் ஈக்யூவுக்குப் பிறகே பிரிவதால், அரங்குக்காகக் குரலில் ட்ரெபிளைக் கூட்டினால் மானிட்டரிலும் ட்ரெபிள் கூடி ஊளை கிளம்பலாம். அதனால் கெயினைச் சோதனை நேரத்திலேயே முடித்துவிட்டு, கச்சேரியில் ஃபேடரை மட்டும் நகர்த்துவேன்.

சபாக்காரர்கள் பதிவுக்காக ஓர் இணைப்புக் கேட்பார்கள். அதை மானிட்டர் ஆக்ஸிலிருந்து கொடுத்துவிடாதீர்கள். கச்சேரி முழுவதும் ஃபேடரில் நாம் செய்த வேலை எதுவும் அந்தப் பதிவில் இருக்காது. வயலின் தனியில் வயலின் ஏறியிருக்காது, அறிவிப்பாளரின் மைக்கை இறக்கிய பிறகும் அவர் காகிதம் புரட்டுவது பதிவாகியிருக்கும். பதிவுக்குத் தனியாக ஒரு போஸ்ட்-ஃபேடர் ஆக்ஸ் ஒதுக்குங்கள். மேடைக்கு அருகில் நேரடியாகவே உரக்கக் கேட்கும் மிருதங்கத்தை அரங்கில் குறைவாகத்தான் வைத்திருப்போம். ஆக்ஸ் தனியாக இருந்தால், அந்த ஒரு வாத்தியத்தைப் பதிவுக்கு மட்டும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம்.