‘செங்குத்துத் தரவு’ என்றால் யாருக்கு என்ன புரியும்?

மாநில நில அளவைத் துறைக்கு ஒரு பொறியாளர் அனுப்பிய மின்னஞ்சலைப் பார்க்க நேர்ந்தது. மழைநீர் வடிகால் வேலைக்காக, ‘அருகிலுள்ள அளவுகோல்களின் உயர மதிப்புகளையும் செங்குத்துத் தரவையும் தெரிவிக்கவும்’ என்று கேட்டிருந்தார். உயரங்களின் பட்டியல் வந்தது. அவை எங்கிருந்து அளந்த உயரங்கள் என்பது மட்டும் வரவில்லை. எப்படி வரும்? தரவு கேட்டார், தரவு கொடுத்துவிட்டார்கள்!

அவர் கேட்க நினைத்தது ஆங்கிலத்தில் ‘வெர்ட்டிகல் டேட்டம்’. டேட்டம் லத்தீன் சொல், ‘தரப்பட்டது’ என்று பொருள். அதன் பன்மைதான் டேட்டா. ‘தரு’ என்ற வேரிலிருந்து வந்த தரவு, வேரளவில் சரியே. ஆனால் இன்று தரவு என்றால் எல்லாருக்கும் தகவல் தொகுப்புதான். அளவையில் டேட்டம் என்பது தகவல் அல்ல. உயரத்தைச் சுழியம் என்று வைத்து எண்ணத் தொடங்கும் மட்டம். அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டிவிடுகிற மொழிபெயர்ப்பாளர்கள், ஒரு நாளாவது மட்டம் பார்க்கிறவர் பக்கத்தில் நின்றிருந்தால் இப்படி எழுதமாட்டார்கள்.

‘அடிமட்டம்’ என்பாரும் உண்டு. அது இங்கே கடைநிலை, இலங்கையில் கோடு போடும் அளவுகோல். எனக்கு ‘தொடக்க மட்டம்’ போதும். கொத்தனாரின் ரசமட்டம் தொடங்கி கடல்மட்டம் வரை நம்மிடம் மட்டம் பழகிய சொல்.

தொடக்க மட்டத்தின் பெயரைக் கேட்பது சம்பிரதாயம் அல்ல. உயரம் குறித்த ஓர் அளவைக் கல்லுக்கு 6.415 மீட்டர் என்று வருகிறது. இந்திய உயர மட்டம் 1909 என்றால், சென்னை, நாகப்பட்டினம் உள்ளிட்ட ஒன்பது கடலோர நிலையங்களின் சராசரிக் கடல்மட்டத்தை ஒட்டியது. பின்னர் வந்தது இந்திய உயர மட்டம் 2009. ஜி.பி.எஸ். கருவியின் நேரடி உயரமோ பூமிக்கு ஈடாகக் கணிதத்தில் வைத்துக்கொண்ட நீள்வட்டக் கோளத்திலிருந்து எண்ணுவது. சென்னையில் அது கடல்மட்ட உயரத்தைவிட 80 மீட்டருக்கும் மேல் குறைவாக, மைனஸில் காட்டும். அதையாவது பார்த்தவுடன் பிடித்துவிடலாம். ஒப்பந்தக்காரர் ஒரு பாலத்தின் திண்டை 100.000 என்று வைத்துக்கொண்டு எழுதிய பழைய வரைபடமும் கடல்மட்டத்துக்கு ஒட்டாத எண்தான். ஆனால் 1909, 2009 கலந்தால் எண்கள் நம்பும்படியே இருக்கும். தவறு வடிகாலின் சரிவில்தான் தெரியும்.

‘அளவுகோல்’ இன்னொரு தொல்லை. பெஞ்ச் மார்க் என்பது கல்லில் உளியால் வெட்டிய கிடைக்கோடு. அதில் இரும்புக் கோணத்தைச் செருகி, பெஞ்சு போல, அதன்மேல் மட்டக்கோலை நிறுத்தினார்கள். ஆக, கோல் வேறு, குறி வேறு. களத்தில் ‘பி.எம்.’, ‘ஜி.டி.எஸ். கல்’ என்பார்கள், எழுத்தில் ‘மட்டக்குறி’ என்றால் யாருக்கும் குழப்பமில்லை.

மின்னஞ்சலை இப்படி எழுதியிருக்கலாம்: ‘இவ்விடத்துக்கு அருகிலுள்ள மட்டக்குறிகளின் எண், இருப்பிட விவரம், உயரம், அளந்த ஆண்டு ஆகியவற்றைத் தருக. அந்த உயரங்கள் எந்தத் தொடக்க மட்டத்திலிருந்து கணக்கிடப்பட்டவை (1909, 2009 அல்லது வேறு) என்பதையும் ஒவ்வொன்றுக்கும் எதிரே குறிப்பிடுக.’